கோழையில் நகர்ந்து, விளிம்பில் வளரும் நத்தை

நத்தைக்கு ஒரே ஒரு பாதம்தான். ஓட்டுக்கு வெளியே நீண்டு தெரியும் உடலின் அடிப்பகுதி முழுவதும் அந்தப் பாதம். நடக்கும் விலங்கு ஒரு காலை ஊன்றி மற்றொன்றைத் தூக்கி வைக்கும். ஒற்றைப் பாதமும் தரையோடு முழுக்க ஒட்டியிருக்கும் உயிரினத்துக்கு அந்த வழி இல்லை. தரையை உதைத்துத் தள்ள வேண்டுமானால் பாதம் தரையைப் பற்றியிருக்க வேண்டும். முன்னே போக வேண்டுமானால் அதே பாதம் தரையில் வழுக்கிச் செல்ல வேண்டும். பற்றுவதும் வழுக்குவதும் ஒரே நேரத்தில், ஒரே தோலில், ஒரே கோழைப் படலத்தின் மேல் நடக்கின்றன. இது எப்படி முடிகிறது என்பதே நத்தையின் நகர்வில் விளங்கிக்கொள்ள வேண்டிய மையக் கேள்வி.

இதை நேரில் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. சுத்தமான கண்ணாடித் தகட்டை லேசாக நனைத்து, தோட்டத்து நத்தை ஒன்றை அதன் மேல் விட்டு, அது தலையை நீட்டி நகரத் தொடங்கியதும் தகட்டைத் தூக்கி அடியிலிருந்து பார்த்தால் போதும். பாதத்தின் குறுக்கே கருமையும் வெளிறலுமாகப் பட்டைகள் மாறி மாறித் தெரியும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்தப் பட்டைகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பது புரியும். வாலருகே ஒரு பட்டை பிறக்கிறது, தலையை நோக்கி ஓடுகிறது, முன்விளிம்பை எட்டியதும் மறைகிறது. அதற்குள் பின்னால் இன்னும் பல பட்டைகள் கிளம்பியிருக்கும். மேலிருந்து பார்க்கும்போது நத்தை ஒரே சீராக வழுக்குவது போலத் தோன்றும். அடியிலிருந்து பார்த்தால்தான் அது இடைவிடாத அலைகளால் ஆன நகர்வு என்று தெரிகிறது.

பட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு தசை அலை. தரையில் விரித்த பாயின் ஒரு முனையில் சிறு மடிப்பை உண்டாக்கி, அந்த மடிப்பை மறுமுனை வரை தள்ளிக்கொண்டு போனால், பாய் முழுவதும் மடிப்பின் அளவுக்கு முன்னே நகர்ந்துவிடும். பாயை மொத்தமாக இழுக்கத் தேவைப்படும் பலம் இதற்குத் தேவையில்லை. நத்தையின் பாதமும் இப்படித்தான் துண்டு துண்டாக முன்னேறுகிறது. அலை ஓரிடத்தை வந்தடையும்போது அங்கிருக்கும் பாதத்தோல் நெருக்குண்டு முன்னே நகர்கிறது. அலை கடந்ததும் தோல் புது இடத்தில் நின்றுவிடுகிறது. பாதத்தின் எந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டாலும் அது நிற்பதும் நகர்வதுமாகவே இருக்கும். ஒரு நேரத்தில் அலைக்குள் இருக்கும் பகுதிகள் மட்டும் நகர்கின்றன. அலைகளுக்கு இடைப்பட்ட பகுதிகள் தரையை ஊன்றி நிற்கின்றன.

பாதத்துக்கு உள்ளே சாய்வாக ஓடும் இரு வகைத் தசை நார்கள் இந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு வகை சுருங்கும்போது பாதத்தோலை முன்னால் இழுக்கிறது. எதிர்ச்சாய்வில் அமைந்த மற்றொரு வகை, ஊன்றி நிற்கும் பாதத்தைப் பிடிமானமாகக் கொண்டு உடலை முன்னால் இழுக்கிறது. அலை ஒரு சீராகக் கடந்து போவதால் உடலுக்குக் குலுக்கல் தெரிவதில்லை. 1940-களில் லிஸ்மன் என்ற விலங்கியலாளர் நத்தைகளின் பாத அலைகளைப் படம்பிடித்து அளந்து, அலை எங்கே தள்ளுகிறது, எங்கே தடுக்கிறது என்று ஆராய்ந்தார். நகர்வின் வடிவம் அதன் பிறகு ஓரளவு தெளிவாயிற்று. ஆனால் இடையில் இருக்கும் கோழை என்ன செய்கிறது என்பது விளங்க இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின.

திடமும் திரவமும்

கோழை வருவது பாதத்தின் முன்முனையில், வாய்க்குச் சற்றுக் கீழே திறக்கும் ஒரு சுரப்பியிலிருந்து. நத்தை முன்னேற முன்னேற இந்தச் சுரப்பி தரையின் மேல் கோழையை விரித்துக்கொண்டே போகிறது. ஆகவே பாதம் ஒருபோதும் தரையைத் தொடுவதில்லை. தானே போட்ட படலத்தின் மேல்தான் அது எப்போதும் இருக்கிறது. மணலும் முட்களும் நிறைந்த தரையில் அத்தனை மென்மையான தோல் கிழியாமல் தப்பிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கோழையின் இயல்பை அளந்து காட்டியவர் மார்க் டென்னி. 1980-ல் வெளியான ஆய்வுகளில் அவர் எடுத்துக்கொண்டது ஓடில்லாத நத்தையை. வட அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் வாழும் அரியோலிமாக்ஸ் கொலம்பியானஸ் என்ற பெரிய மஞ்சள் இனம் அது. பாத அமைப்பிலும் அலையின் திசையிலும் தோட்டத்து நத்தையும் அதுவும் ஒன்றுபோலவே இருப்பதால் அவர் கண்டது இரண்டுக்கும் பொருந்தும். கோழைப் படலத்தின் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் மேல் போகாது. அதில் 96, 97 விழுக்காடு வெறும் தண்ணீர். மீதியில் உப்புகளும், சர்க்கரைக் கிளைகள் ஒட்டிய மிக நீண்ட புரத மூலக்கூறுகளும் உண்டு. அந்த நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சிக்கி வலை போல நிற்பதால்தான் இத்தனை தண்ணீரும் ஒழுகி ஓடாமல் கூழாக இருக்கிறது.

டென்னி இந்தக் கூழை இரண்டு பரப்புகளுக்கு நடுவில் வைத்து, மேல்பரப்பைப் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தார். கொஞ்சம் இழுக்கும்போது கோழை ரப்பரைப் போல எதிர்த்தது. விட்டால் பழைய இடத்துக்கே திரும்பியது. படலத்தின் தடிமனைப் போல 5, 6 மடங்கு தூரம் வரை இழுபட்ட பிறகு அது சட்டென்று விட்டுக்கொடுத்துத் திரவமாக ஓடத் தொடங்கியது. இழுப்பதை நிறுத்தியதும் அறுந்த வலை மறுபடி சேர்ந்து, கோழை மீண்டும் திடமாயிற்று. ஒரு படலத்துக்குள்ளேயே, எங்கே எவ்வளவு வேகமாக இழுபடுகிறது என்பதைப் பொறுத்து, சில இடங்கள் திடமாகவும் சில இடங்கள் திரவமாகவும் இருக்க முடியும் என்பதே இதன் பொருள்.

இப்போது பாத அலைக்குத் திரும்புவோம். படலத்தின் தடிமன் 15 மைக்ரோமீட்டர் என்று வைத்தால், அதைப் போல 6 மடங்கு 90 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அலைக்குள் இருக்கும் பாதத்தோல் இந்தத் தூரத்தை மிக எளிதாகத் தாண்டிவிடும். ஆகவே அலைக்கு அடியில் உள்ள கோழை உடைந்து திரவமாகி, தோலை வழுக்கிச் செல்ல விடுகிறது. அலைகளுக்கு இடையில் நிற்கும் தோல் கோழையை அந்த எல்லை வரை இழுப்பதே இல்லை. அங்கே கோழை திடமாக நின்று, பாதம் பின்னால் தள்ளும் விசையைத் தரைக்குக் கடத்துகிறது. திரவப் பகுதி தரும் தடை சிறியது, திடப் பகுதி தாங்கும் விசை பெரியது. இந்த வித்தியாசமே நத்தையை முன்னே கொண்டுபோகிறது. அலை கடந்து போன கணமே அங்கே கோழை மறுபடி உறைந்து, அடுத்த ஊன்றுதலுக்குத் தயாராகிவிடுகிறது. சுவரில் செங்குத்தாக ஏறும்போதும், கூரையின் அடிப்பக்கத்தில் தலைகீழாகப் போகும்போதும் நத்தை விழாமல் இருப்பது, பாதத்தின் பெரும்பகுதி எந்த நேரத்திலும் இந்தத் திடக் கோழையைப் பற்றியிருப்பதால்.

பிற்கால ஆய்வுகள் இந்தப் படத்தில் ஒரு திருத்தத்தைச் சேர்த்தன. 2010-ல் நத்தைகளும் ஓடில்லா நத்தைகளும் நகரும் விதத்தை நுட்பமாக அளந்த ஒரு குழு, சமதரையில் முன்னேறுவதற்குக் கோழையின் இந்தத் திட-திரவ மாற்றம் கட்டாயமில்லை என்று வாதிட்டது. அலைகளின் வடிவமும், நிற்கும் பகுதி நகரும் பகுதியைவிடப் பெரியதாக இருப்பதுமே தரையில் ஊர்ந்து செல்லப் போதும் என்பது அவர்கள் கணக்கு. அப்படியானால் கோழையின் விசேஷ குணம் ஏறுவதற்கும் தொங்குவதற்கும்தான் இன்றியமையாதது. எனக்கு இது டென்னியின் விளக்கத்தைக் கவிழ்ப்பதாகத் தோன்றவில்லை. எந்த வேலைக்கு எந்தக் குணம் தேவை என்று பிரித்துக் காட்டுவதாகவே படுகிறது.

எல்லா நத்தைகளும் இப்படியே நகர்வதில்லை. கடல் நத்தைகள் பலவற்றில் அலை தலையிலிருந்து வாலை நோக்கி ஓடும். அங்கே அலைக்குள் தோல் நெருக்குறாமல் நீட்டப்படுகிறது. குளத்து நத்தைகள் சிலவற்றில் பாதத்தை மூடியிருக்கும் நுண்மயிர்கள் கோழையின் மேல் துடுப்பிடுவதே நகர்வுக்குப் போதுமாகிறது. தரை நத்தைக்கோ அலை ஒரே திசையில், வாலிலிருந்து தலைக்கு மட்டுமே ஓடும். அதனால் அது பின்னால் ஊர்வதில்லை. எதிரே தடை வந்தால் உடலைச் சுருக்கிக்கொள்ளும், அல்லது வளைந்து திரும்பும்.

கோழையின் செலவு

தடம் போடுவது எவ்வளவு செலவு பிடிக்கும் காரியம் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 10 கிராம் எடையும் 1 சென்டிமீட்டர் அகலப் பாதமும் உள்ள ஒரு தோட்டத்து நத்தை 1 மீட்டர் நகர்கிறது என்று கொள்வோம். 15 மைக்ரோமீட்டர் தடிமனில் 1 சென்டிமீட்டர் அகலத்தில் 1 மீட்டர் நீளத் தடம் என்றால் மொத்தம் 0.15 மில்லிலிட்டர் கோழை. மூன்று சொட்டுத் தண்ணீரின் அளவு. கேட்பதற்குக் கொஞ்சம் போலத் தோன்றும். ஆனால் நத்தையின் எடையில் அது ஒன்றரை விழுக்காடு. பத்து மீட்டர் போனால் உடல் எடையில் ஏழில் ஒரு பங்கு தரையில் விட்டுச் செல்லப்பட்டிருக்கும், அதுவும் பெரும்பாலும் தண்ணீராக. நத்தைகள் இரவிலும் மழைக்குப் பிறகும் நடமாடுவதன் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஈரத் தரையில் படலம் உலர்ந்து போவதில்லை. இழந்த நீரையும் தோல் வழியாகவே திரும்ப உறிஞ்சிக்கொள்ள முடிகிறது.

தண்ணீர் போக, புரதத்தையும் சர்க்கரையையும் உற்பத்தி செய்வதற்கான ஆற்றலும் உண்டு. டென்னி அளந்தபோது, ஒரே எடையை ஒரே தூரம் கொண்டுசெல்ல ஊர்வதற்கு ஆகும் ஆற்றல், கால்களால் ஓடும் விலங்குக்கு ஆவதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு இருந்தது. அதில் பெரும் பங்கு தசைக்குப் போகவில்லை. கோழை தயாரிக்கவே போனது. நீந்துதல், பறத்தல், ஓடுதல் எல்லாவற்றையும்விட ஊர்வதுதான் மிகவும் விலை கூடிய பயண முறை. அதற்கு ஈடாக நத்தை பெறுவது, கால்கள் நிற்க முடியாத இலையின் அடியிலும் ஈரப் பாறையிலும் நகரும் திறன்.

இந்தச் செலவைக் குறைக்க நத்தைகள் கையாளும் வழிகள் என்னை மிகவும் வியக்க வைப்பவை. உலர்ந்த மரம், சிமெண்ட் போன்ற நீரை உறிஞ்சும் பரப்புகளில் தோட்டத்து நத்தை தன் நடையையே மாற்றிக்கொள்ளும். பாதத்தின் முன்பகுதியைத் தரையிலிருந்து தூக்கி வளைத்து, சற்றுத் தள்ளி முன்னே வைக்கும். அந்த வளைவு பின்னோக்கி நகர்ந்து போகும். பாதத்தில் சிறு அலைகள் வழக்கம் போல ஓடிக்கொண்டே இருக்க, மேலே இந்தப் பெரிய வளைவும் சேர்ந்துகொள்கிறது. விளைவாகத் தரையில் தொடர்ச்சியான பட்டைக்குப் பதிலாக இடைவெளி விட்ட கோழைத் திட்டுகள் விழுகின்றன. காலையில் சுவரில் காணும் தடம் ஓரிடத்தில் முழுப் பட்டையாகவும் இன்னோரிடத்தில் விட்டு விட்டும் இருந்தால், நத்தை எந்தப் பரப்பில் கோழையைச் சேமித்தது என்று அதிலிருந்தே சொல்லிவிடலாம்.

மற்றொரு வழி, ஏற்கெனவே போட்ட தடத்தில் போவது. லிட்டோரினா லிட்டோரியா என்ற கடற்கரை நத்தையில் இதை அளந்திருக்கிறார்கள். முன்னால் போன நத்தையின் புதுத் தடத்தின் மேல் ஊரும் நத்தை, புதிதாகத் தடம் போடுவதற்கு ஆகும் கோழையில் கால் பங்கு அளவே சேர்க்கிறது. நத்தைகள் தம் தடத்தில் திரும்பி இருப்பிடம் சேர்வதும், இணையைத் தேடித் தடம் பற்றிப் போவதும் நெடுநாளாகத் தெரிந்த செய்திதான். அதில் கோழை மிச்சமாவதும் சேர்ந்திருக்கிறது.

இந்த அமைப்பு எங்கே முறியும் என்பதும் தெளிவு. நத்தையின் மேல் உப்பு விழுந்தால், ஈரத் தோலின் மேல் கரையும் உப்பு உடலுக்குள்ளிருந்து தண்ணீரை வெளியே இழுக்கிறது. நத்தை அதை விரட்டுவதற்காக மேலும் மேலும் கோழையைக் கொட்டுகிறது, அதுவும் தண்ணீர்தான். சிறிது நேரத்தில் உயிரைத் தாங்கும் நீரே இல்லாமல் போய்விடுகிறது. மெதுவாகவும் வேதனையோடும் நேரும் சாவு அது; தோட்டத்தில் நத்தையைக் கட்டுப்படுத்த வேண்டியவர்கள் உப்பைக் கையிலெடுக்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஓடு வளரும் இடம்

கோழை தரையில் விடப்படும் சுரப்பு என்றால், ஓடு உடலோடு சுமக்கப்படும் சுரப்பு. அதைச் சுரப்பது மேன்டில் என்ற மெல்லிய தோல் போர்வை. நத்தையின் உள்ளுறுப்புகளை மூடியிருக்கும் இந்தப் போர்வையின் ஓரம், ஓட்டுத் திறப்பின் உள்விளிம்பை ஒட்டித் தடித்த வளையமாகத் தெரியும். ஓட்டின் நீளம் கூடுவது இந்த ஓரத்தில் மட்டும்தான். வளரும் இளநத்தை ஒன்றின் ஓட்டு விளிம்பில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டு வைத்தால் சில வாரங்களில் இதைக் கண்ணால் காணலாம். கோட்டுக்கு முன்னால் புது ஓடு வந்திருக்கும். கோடு அதே சுற்றில், அதே இடத்தில் நின்றிருக்கும். ஓட்டின் உச்சியில் கோடு போட்டிருந்தால் எத்தனை மாதம் ஆனாலும் அது உச்சியிலேயே இருக்கும்.

விளிம்பில் நடப்பது இரண்டு கட்ட வேலை. மேன்டில் ஓரத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்திலிருந்து புரதத்தால் ஆன மிக மெல்லிய தாள் ஒன்று வெளிவருகிறது. வளரும் நேரத்தில் நத்தை மேன்டில் ஓரத்தை ஓட்டு விளிம்புக்குச் சற்று வெளியே நீட்டி, இந்தத் தாளை விளிம்பின் தொடர்ச்சியாக விரிக்கிறது. புரதம் காற்றும் ஈரமும் பட்டுப் பதப்பட்டு, பழுப்பு நிறமேறி உறுதியாகிறது. இதுவே ஓட்டின் மேல்தோல். இதற்கு அடியில், தாளுக்கும் மேன்டிலுக்கும் நடுவே உள்ள மெல்லிய திரவ இடைவெளியில் இரண்டாவது கட்டம் தொடங்குகிறது. மேன்டில் செல்கள் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் அந்த இடைவெளிக்குள் விடுகின்றன. தாளின் உட்பக்கத்தைப் பிடிமானமாகக் கொண்டு கால்சியம் கார்பனேட் படிகங்கள் முளைக்கின்றன. தரை நத்தைகளில் அந்தப் படிகம் பெரும்பாலும் அரகோனைட் என்ற வகை.

படிகத்தில் ஒவ்வொரு கால்சியம் கார்பனேட் அலகும் சேரும்போது அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி ஒன்றும் விடுபடுகிறது. அதை உடனுக்குடன் அகற்றாவிட்டால் படிந்த சுண்ணாம்பே மறுபடி கரையத் தொடங்கும். ஆகவே மேன்டில் செல்களின் வேலையில் கணிசமான பங்கு, கால்சியத்தை உள்ளே விடுவதைப் போலவே அமிலத்தை வெளியே எடுப்பதும்தான். படிகங்கள் தாறுமாறாகக் குவிவதில்லை. மெல்லிய பாளங்களாக அடுக்கப்பட்டு, ஓர் அடுக்கின் பாளங்கள் அடுத்த அடுக்கின் பாளங்களுக்குக் குறுக்கே நிற்கின்றன. விரிசல் ஒன்று கிளம்பினால் அடுக்குக்கு அடுக்கு திசை மாற வேண்டியிருப்பதால் எளிதில் ஊடுருவிப் போக முடியாது. ஓட்டில் புரதம் சில விழுக்காடு மட்டுமே. வெறும் சுண்ணாம்பு தராத உறுதியை அந்தச் சிறு அளவும் படிக அடுக்கும் சேர்ந்து தருகின்றன.

புது விளிம்பு முதலில் மெல்லியதாகவும் ஒளி ஊடுருவுவதாகவும் இருக்கும், அழுத்தினால் வளையும். வளரும் நத்தையை எடுக்கும்போது ஓட்டின் வாயோரத்தைப் பிடிக்கக் கூடாது என்பது அதனால்தான். பிறகு அதன் உட்பக்கத்தில் சுண்ணாம்பு மேலும் படிந்து தடிக்கிறது. இந்தத் தடிப்பாக்கும் வேலையை ஓரம் மட்டுமல்லாமல் மேன்டிலின் முழுப் பரப்பும் செய்ய முடியும். நீளம் விளிம்பில், தடிமன் உட்பக்கம் எங்கும்: இந்தப் பாகுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பழுதுபார்ப்பு எளிதில் புரியும்.

ஏன் சுருளாகிறது

விளிம்பில் மட்டுமே சேர்த்துக்கொண்டு போகும் ஒரு கட்டுமானம் எப்படி இவ்வளவு ஒழுங்கான சுருளாகிறது? விடை, விளிம்பின் எந்தப் பக்கத்தில் எவ்வளவு சேர்கிறது என்பதில் இருக்கிறது. திறப்பின் சுற்றிலும் ஒரே அளவு சேர்ந்தால் நேரான குழாய் கிடைக்கும். வெளிப்பக்கத்தில் அதிகமும் உட்பக்கத்தில் குறைவும் சேர்ந்தால் குழாய் வளைந்து தன்மேலேயே சுற்றும். அதோடு ஒவ்வொரு சேர்க்கையும் பக்கவாட்டில் சற்றுச் சரிந்தால், சுருள் ஒரே தளத்தில் நிற்காமல் கீழிறங்கி, உச்சியும் அடியும் உள்ள கூம்பாகும். விலங்கும் வளர்ந்துகொண்டே இருப்பதால் திறப்பு தொடர்ந்து அகலமாகிறது. இவ்வளவுதான் விதி. நத்தைக்குள் சுருளின் வரைபடம் எதுவும் இருக்கத் தேவையில்லை. சேர்க்கும் வேகத்தின் விகிதம் மாறாமல் இருந்தால் போதும்.

விகிதம் மாறாததால்தான் வடிவமும் மாறுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் குழாயின் அகலம் இருமடங்காகும் ஓர் ஓட்டை எடுத்துக்கொண்டால், 1 மில்லிமீட்டரில் தொடங்கியது நான்கு சுற்றில் 16 மில்லிமீட்டர் ஆகிவிடும். அளவு பதினாறு மடங்கு. உருவம் தொடக்கத்தில் இருந்ததன் பெரிய நகல். கணிதவியலார் இதை மடக்கைச் சுருள் என்பார்கள். ஓடுகள் இந்த வடிவில் இருப்பதை 1838-லேயே ஹென்றி மோஸ்லி அளந்து எழுதினார். 1960-களில் டேவிட் ராப், திறப்பு அகலமாகும் வீதம், அச்சிலிருந்து அதன் தூரம், அச்சின் வழியே அது இறங்கும் அளவு போன்ற சில எண்களை மட்டும் மாற்றிக் கணினியில் வரைந்து, நத்தை, சிப்பி, நாட்டிலஸ் என வேறு வேறு ஓடுகளின் உருவங்களையெல்லாம் பெற முடியும் என்று காட்டினார். வெளித்தோற்றத்தில் எவ்வளவோ வேறுபடும் ஓடுகள் ஒரே வளர்ச்சி முறையின் வெவ்வேறு விகிதங்கள் என்பது அதிலிருந்து கண்கூடாயிற்று.

சுருள் வலப்பக்கம் திரும்புமா இடப்பக்கமா என்பது மட்டும் விளிம்பில் தீர்மானமாவதில்லை. கரு நான்கு செல்லிலிருந்து எட்டு செல்லாகும் கட்டத்திலேயே அது முடிவாகிவிடுகிறது. குளத்து நத்தையில் அதைத் தீர்மானிக்கும் மரபணு தாயினுடையது. குஞ்சின் சொந்த மரபணு எதுவாக இருந்தாலும் முட்டையில் தாய் வைத்ததே செல்லுபடியாகும்.

பழைய சுற்றுகள் அப்படியே நிற்பதால் ஓட்டில் நத்தையின் முழு வாழ்க்கையும் வரிசையாகப் பதிந்திருக்கிறது. உச்சியில் இருப்பது முட்டைக்குள்ளேயே உருவான குஞ்சு ஓடு. பொரித்து வரும்போது அதற்கு ஒன்றரைச் சுற்று போல இருக்கும். அங்கிருந்து விளிம்பு நோக்கி வரும் மெல்லிய குறுக்குக் கோடுகள், வளர்ச்சி நின்று தொடங்கிய இடங்கள். வறட்சியிலோ குளிரிலோ நத்தை பல வாரம் ஓட்டுக்குள் அடைந்து கிடந்தால் அந்த இடத்தில் கோடு அழுத்தமாகத் தெரியும், சில சமயம் நிறமும் மாறியிருக்கும். நிறப்பட்டைகளும் இப்படியே. மேன்டில் ஓரத்தில் ஒரு புள்ளி தொடர்ந்து நிறமியைச் சுரந்துகொண்டிருந்தால், ஓடு வளர வளர அந்தப் புள்ளி சுருளின் வழியே ஒரு கோட்டை வரைந்துகொண்டு போகும். செபேயா நெமொராலிஸ் என்ற ஐரோப்பிய நத்தையில் அதிகபட்சம் ஐந்து பட்டைகள். ஐந்தும் மேன்டில் ஓரத்தின் ஐந்து நிலையான இடங்களில் பிறப்பவை. ஓரம் முழுவதும் சேர்ந்து நிறமியை விட்டு விட்டுச் சுரந்தாலோ, கோடுகள் சுருளுக்குக் குறுக்கே விழும்.

வளரும்போது கவனிக்கப்படாத ஒரு சங்கடம் உண்டு. நத்தையை ஓட்டோடு பிணைத்திருப்பது, சுருளின் நடுத்தூணில் ஒட்டியிருக்கும் ஒரு தசை. ஆபத்து வந்தால் உடலை உள்ளிழுப்பது அந்தத் தசைதான். திறப்பு முன்னே போகப் போக தசையும் பின்தங்காமல் தன் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே மாற்றிக்கொள்ள வேண்டும், ஒருபோதும் பிடியை விடாமல். நத்தை ஓட்டை விட்டு வெளியேறி இன்னொன்றுக்குக் குடிபோகும் என்று சிலர் நம்புவது தவறு. அப்படிச் செய்வது சன்னியாசி நண்டு. அது பிறர் ஓட்டில் குடியிருப்பது. நத்தை தன் ஓட்டின் உறுப்பாகவே பிறந்தது.

தோட்டத்து நத்தையிலும் அதன் உறவினங்களிலும் இந்த வளர்ச்சிக்கு ஒரு முடிவு உண்டு. முதிர்ச்சி அடையும்போது மேன்டில் ஓரம் வெளிப்பக்கமாகத் திரும்பி, விளிம்பைத் தடித்த உதடாக மடித்துவிடும். அதன் பிறகு ஓடு நீளாது, சுற்றுகள் கூடாது. விளிம்பு கூர்மையாகவும் மெல்லியதாகவும் இருந்தால் இளநத்தை; தடித்து வெளியே மடிந்திருந்தால் முதிர்ந்தது. அளவை மட்டும் பார்த்து வயது சொல்பவர்கள் ஏமாறும் இடம் இது, ஏனென்றால் உணவும் சுண்ணாம்பும் குறைந்த இடத்தில் சிறிய ஓட்டோடே நத்தை முதிர்ந்துவிடும்.

சுண்ணாம்புதான் இந்த வளர்ச்சியின் வரம்பு. பொரித்ததும் பல நத்தைக் குஞ்சுகள் முதலில் தின்பது தம் முட்டை ஓட்டை. பிறகு இலை, மண், சுண்ணாம்புப் பாறை, செத்த நத்தைகளின் ஓடு என்று கிடைப்பதையெல்லாம் சுரண்டித் தின்னும். பாதத்தோல் வழியாகவும் கால்சியத்தை உறிஞ்சும். அமில மண்ணில் நத்தைகள் குறைவாக இருப்பதும், இருப்பவற்றின் ஓடு மெல்லியதாக இருப்பதும் இதனால். நெதர்லாந்தின் காடுகளில் மண் அமிலமானபோது நத்தைகள் குறைந்தன. தம் முட்டைக்கான சுண்ணாம்பை நத்தை ஓட்டிலிருந்து பெற்றுவந்த சிறு பறவைகள் மெல்லிய, நொறுங்கும் முட்டைகளை இட்டன. 1994-ல் வெளியான அந்த ஆய்வு, காட்டின் கால்சியம் எவ்வளவு தூரம் நத்தை வழியாகப் புழங்குகிறது என்று காட்டியது.

ஓடு உடைந்தால் சரியாகுமா என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது உடைந்த இடம். வளரும் நத்தையின் விளிம்பில் ஒரு சில்லு போயிருந்தால் பெரிய கவலையில்லை. மேன்டில் ஓரம் அங்கேயே இருக்கிறது. மேல்தோல், படிகம், நிறம் எல்லாவற்றையும் வழக்கம் போலச் சேர்த்துக்கொண்டு வளர்ச்சி தொடரும். பழுது நேர்ந்த இடம் ஒரு தழும்புக் கோடாக மட்டும் தெரியும். சில சமயம் அதற்கு அப்பால் நிறப்பட்டை ஒன்று தடம் மாறியோ அறுந்தோ போயிருக்கும். நிறமி சுரக்கும் புள்ளி காயப்பட்டதன் அடையாளம் அது.

விளிம்பிலிருந்து தள்ளி, நடுச்சுற்றில் ஓட்டை விழுந்தால் கதை வேறு. மேல்தோல் சுரக்கும் பள்ளம் விளிம்பில் மட்டுமே உள்ளது. அதை உள்ளே கொண்டுவர முடியாது. ஆனால் அந்த இடத்துக்கு அடியில் இருக்கும் மேன்டில் பரப்பு சுண்ணாம்பைச் சுரக்க வல்லது. முதலில் ஓட்டையின் குறுக்கே ஒரு மெல்லிய புரதப் படலம் விரிகிறது, பிறகு அதன் உட்பக்கத்தில் படிகங்கள் சேர்ந்து கெட்டியாகின்றன. மேல்தோலும் பட்டைகளும் இல்லாத, வெளிறிய, சொரசொரப்பான ஒட்டு அங்கே நிற்கும். சுற்றியுள்ள பரப்பைவிட அது சற்று உள்ளடங்கியும் இருக்கும். உடைந்த நத்தையைப் பிழைக்க வைக்க விரும்புகிறவர் செய்யக்கூடியது, அதை ஈரமான நிழலில் தொந்தரவில்லாமல் விட்டு, சுண்ணாம்புச் சத்துள்ள பொருளை அருகில் வைப்பதுதான். உள்ளே மேன்டில் கிழியாமல் இருந்தால் ஒட்டு பிடிக்கும். மேன்டிலே கிழிந்து உறுப்புகள் வெளியே தெரிந்தாலோ, நடுத்தூண் முறிந்து தசை தன் பிடியை இழந்தாலோ, சுண்ணாம்பு எவ்வளவு கிடைத்தாலும் நத்தை பிழைப்பது அரிது.